தேதி சொல்லாமல் வந்த முன்யாய்

ஜைரோஸ் முடெங்கேக்குப் பொறுமை என்பது துளியும் கிடையாது. ஹராரேயை ஒட்டிய சிட்டுங்விசாவில் பொறுமை தேவைப்படும் காரியம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வாரநாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவருடைய காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், அவருக்கு ஒரு பிரேக். தன் பிரேக்கை மிதித்து மிதித்தே அவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோனது. சனிக்கிழமைகளில் அவர் முன்யாய். பெண் கேட்டுப் போகிற வீட்டின் தூதுவர்.

முன்யாய் என்பவன் மாப்பிள்ளை வீட்டின் வாய். பெண் வீட்டில் தரையில் உட்காரவேண்டும், கை தட்டி வணங்கிவிட்டுத்தான் பேசவேண்டும், திட்டினால் திட்டு வாங்கவேண்டும். மாப்பிள்ளை நேரே மாமனாரிடம் பேசக்கூடாது. எல்லாம் முன்யாய் வழியாகத்தான். முடெங்கே ஏழெட்டுக் கல்யாணங்கள் பேசி முடித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இதுதான் கடைசி" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போடுவாள்.

குண்டாய் மாவுங்காவின் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் அவர் தலையில் விழுந்தது. குண்டாய்க்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பையன் இப்போது லீட்ஸில் நர்ஸ். பெண் ஷுவாய், ஹராரேயில் பள்ளி ஆசிரியை, முப்பத்தொரு வயது. அவளுடைய அப்பா சிவாசா மரொண்டெரா ஊரில் இருந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்ன மனிதருக்கு, யாரும் எதையும் சரியாகச் சொல்வதில்லை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை ரூரா, அதாவது பரிசப்பேச்சு, என்று முடிவாகியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் குண்டாயின் பெரியப்பா லாங்டன் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். அப்பா இல்லாத பையன். பெரியப்பா பெயரில்தான் பேச்சு நடக்கவேண்டும். டாக்டர்கள் எதுவும் சொல்லவில்லை, எதுவும் சொல்லாத அந்த முகத்தை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். இப்போது புதுத் தேதி குறிப்பது எப்படி? சீக்கிரம் என்றால் அவர் எழுந்துவிடுவார் என்று பொய் சொல்வது. தள்ளி என்றால் அவர் போய்ச் சேர்ந்த பிறகு என்று சொல்வது. இரண்டில் எதையும் எந்த வீட்டாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

முடெங்கே ஃபோன் செய்யவில்லை. இரண்டு கிலோ சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு கோம்பி வேன் ஏறி மரொண்டெராவுக்கே போனார். கேட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கை தட்டினார். உள்ளே கூப்பிட்டதும் தரையில் உட்கார்ந்து சொன்னார்:

"ஐயா, உங்க நாளை நாங்கதான் கெடுத்துட்டோம். தப்பு எங்க பக்கம். எங்க வீட்டுப் பெரியவரை உடம்பு எழுந்து உக்கார விடல. அவர் வார்த்தை இல்லாம நான் வாய் திறக்க முடியாது."

சிவாசாவின் தங்கை எசினா, ஷுவாயின் அத்தை, உடனே கேட்டாள்: "அப்ப எப்போ?"

சிவாசா இருமினார். நோய் இருமல் இல்லை அது. எசினா வாயை மூடிக்கொண்டாள்.

"தேதி என்கிட்ட இல்ல அத்தை," என்றார் முடெங்கே. "இல்லாததைக் குடுத்துட்டு மறுபடி வாங்கிட்டுப் போக எனக்கு முழங்கால்ல பலம் இல்ல. ஆனா மாசக் கடைசி சனிக்கிழமை தவறாம நானே வருவேன். சொல்ல ஒண்ணும் இல்லேன்னாலும் வந்து, ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டுப் போவேன்."

சிவாசா கேட்டார்: "பெரியவர் பேர் என்ன?"

"லாங்டன், ஐயா."

"சாப்பிடறாரா?"

"கஞ்சி."

அவ்வளவுதான். டீ வந்தது. நாள் தள்ளிப்போனது, சொந்தம் தள்ளிப்போகவில்லை. வேனில் திரும்பும்போது முடெங்கே, இனிமேல் யாரும் எதையும் செய்யாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான் என்பது அவர் தொழில் அனுபவம். பிரேக் பக்கத்தில் கால் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

குண்டாய் சும்மா இருக்கவில்லை.

வியாழக்கிழமை எசினா ஃபோன் செய்தாள். "ஏ முன்யாய்! எங்க அண்ணனுக்கு சம்மன் அனுப்பியிருக்கீங்களே, வாரண்ட் எப்ப வரும்?"

"என்ன சம்மன் அத்தை?"

"ஃபோன் காலண்டர்ல அழைப்பு வந்திருக்கு, வர்றீங்களா இல்லையான்னு கேட்டு. 'ரூரா பேச்சு. நவம்பர் பதினாலு, சனிக்கிழமை. காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்.' பன்னெண்டுக்கு முடிச்சிரணுமாம். அப்புறம் உங்க மாப்பிள்ளைக்கு வேற கூட்டம் இருக்கோ?"

முடெங்கே அப்போது ஒரு டீச்சரம்மாவுக்கு வளைவில் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்தார். டீச்சரம்மா பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள்.

நவம்பர்! நவம்பரில் எந்த வீட்டிலும் பெண் பேசமாட்டார்கள், கல்யாணம் வைக்கமாட்டார்கள், சாமி காரியம்கூட செய்யமாட்டார்கள். அந்த மாதத்தை நிம்மதியாக விட்டுவிடவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் மாப்பிள்ளையே மாமனாருக்கு நேராக! அதிலும் முடிகிற நேரம் போட்டு! தப்பு ஒன்று என்றால் மன்னிப்பு ஒன்று. இங்கே மூன்று தப்பு ஒரே வரியில் இருந்தது.

சாயங்காலம் லீட்ஸுக்குக் கூப்பிட்டார்.

"மாமா, நான் யோசிச்சுதான் செஞ்சேன்," என்றான் குண்டாய். "டிசம்பர்ல லீவு கிடைக்காது, பிள்ளை குட்டி உள்ளவங்க எடுத்துக்குவாங்க. நவம்பர்தான் காலியா இருக்கு."

"ஏன் காலியா இருக்குன்னு நினைச்சே?"

"இது இங்கிலாந்து மாமா. இங்க நவம்பர்ல ஒண்ணும் இல்ல."

"நீ பொண்ணு கேக்கறது லீட்ஸ்லயா, மரொண்டெராவுலயா?"

"தேதியே இல்லாம எப்படி மாமா? நாமதான் வேணாம்னு சொல்ல வெக்கப்பட்டுகிட்டு தள்ளிப் போடறோம்னு அவங்க நினைச்சிட்டா? ஷுவாய் ராத்திரி அழுறா. ரெண்டு வருஷமா காத்திருக்கா. ஏதாவது ஒரு நாள் எழுதினா மனசு நிக்கும்னு பார்த்தேன்."

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் முடெங்கேக்கு இன்னும் எரிச்சல் வந்தது. நியாயமில்லாத முட்டாள்தனத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். நியாயமான முட்டாள்தனத்தைத் தூக்கிச் சுமக்கவேண்டும்.

"டேய், உங்க பெரியப்பா படுத்திருக்கார். நீ தேதி போட்டா அவருக்கே தேதி போட்ட மாதிரி. இது புரியலையா?"

"நான் அப்படி நினைக்கல," என்றான் குண்டாய்.

"யாருமே அப்படி நினைக்க மாட்டாங்க. கேக்கறவங்க நினைப்பாங்க. ஃபோனைக் கீழ வை. எதையும் அழிக்காதே, மாத்தாதே, மன்னிப்புன்னு பூப்படம் ஒண்ணும் அனுப்பாதே. நான் போறேன்."

மறுநாள் மரொண்டெராவில் கேட் திறக்கவில்லை. முதல் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. முடெங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே சேற்றில் குந்தி உட்கார்ந்து கை தட்டினார். சிவாசா வராந்தாவிலிருந்து எழாமலே பேசினார்.

"யாரு?"

"முன்யாய், ஐயா."

"முன்யாய்க்கு இங்க என்ன வேலை? அதான் ஃபோன் இருக்கே. முப்பது வருஷம் கோர்ட்டுல நான்தான் மத்தவங்களுக்கு ஆஜர் நேரம் சொல்லியிருக்கேன். எனக்கு யாரும் சொன்னதில்ல."

"ஐயா, அந்தத் தேதியை நான் கொண்டு வரல. அதனால நான் எடுத்துட்டுப் போகவும் முடியாது. நீங்க தூக்கிப் போட்டாத்தான் போகும். பையன் பயத்துல எழுதிட்டான். உங்க பொண்ணு கைவிட்டுப் போயிடுமோன்னு பயம்."

"பயப்படறவன் நவம்பர்ல கூப்பிடுவானா?"

"பயப்படறவன்தான் ஐயா கூப்பிடுவான். தைரியசாலி சும்மா இருப்பான்."

எசினா உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். சிவாசா அவளைத் திரும்பிப் பார்த்தார். அது உதவவில்லை, அவள் இன்னும் சிரித்தாள்.

கேட் திறந்தது. உள்ளே கூப்பிடவில்லை. ஒரு மண்வெட்டி வந்தது. கொல்லையில் சோளம் ஊன்றுவதற்கு மண் கொத்தவேண்டும் என்றார் சிவாசா. முடெங்கே கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, தேய்ந்த முழங்காலோடு மூன்று பாத்தி கொத்தினார். மனதுக்குள் குண்டாயை, அவன் லீவை, லீட்ஸை, ஃபோன் கண்டுபிடித்தவனை எல்லோரையும் வரிசையாகத் திட்டினார். சிவாசா முக்காலியில் உட்கார்ந்து, பாத்தி கோணலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையும்கூட.

நாலாவது பாத்தியில் சிவாசா கேட்டார்: "பெரியவர் எப்படி?"

"கஞ்சியும் இறங்கல ஐயா."

சிவாசா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம், கேழ்வரகு மாவு. "கடை மாவு இல்ல, எங்க கொல்லையில விளைஞ்சது. தண்ணியா காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கச் சொல்லு. இன்னார் குடுத்தாங்கன்னு சொல்லணும்."

முடெங்கே மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கை தட்டி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெண் கொடுக்காத வீடு நோயாளிக்கு மாவு கொடுக்காது. அதற்கு மேல் ஒரு சொல் கேட்டாலும் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

"இதை என்ன செய்யறது?" என்று சிவாசா ஃபோனை நீட்டினார். பதினாலாம் தேதி அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "வர்றேன்னு போட்டா பொய். வரலேன்னு போட்டா பொண்ணு அழுவா."

எசினா கண்ணாடியை ஏற்றி எட்டிப் பார்த்தாள். "மூணாவது ஒண்ணு இருக்கு. 'ஒருவேளை'ன்னு."

"கோர்ட்டுல ஒருவேளைன்னு சொன்னா மாஜிஸ்ட்ரேட் கத்துவார்."

"இது கோர்ட்டு இல்லையே அண்ணா."

சிவாசா நகத்தால், பூச்சியைத் தட்டுவதுபோல, அந்த 'ஒருவேளை'யை ஒரு தட்டுத் தட்டினார். முன்யாய் பக்கம் திரும்பி, "மாசக் கடைசில வருவேன்னு சொன்னே. வரணும். தேதி கொண்டு வராதே," என்றார்.

வேன் சிட்டுங்விசாவை நெருங்கும்போது குண்டாய் கூப்பிட்டான்.

"மாமா, ஒருவேளைன்னு பதில் வந்திருக்கு. அப்படின்னா என்ன? வேணாம்னு அர்த்தமா?"

முடெங்கே மடியிலிருந்த மாவுப் பொட்டலம் நனையாமல் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டார். முழங்கால் வலித்தது.

"நவம்பர் லீவை ரத்து பண்ணு."

"அப்ப எந்த மாசம் கேக்கறது?"

"எந்த மாசமும் கேக்காதே. ஷுவாய்க்கு ஃபோன் பண்ணி, அவங்க அப்பா உங்க பெரியப்பாவுக்கு மாவு குடுத்தனுப்பியிருக்கார்னு சொல்லு. அவளுக்குப் புரியும்."

"எனக்குப் புரியல மாமா."

"தெரியும்," என்றார் முடெங்கே. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிவிடும்படி டிரைவரிடம் கத்தினார்.