ஏழாம் அத்தியாயத்தில் அவன் பதில் சொல்லவில்லை

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எனக்குப் படகுச் சாமான் கடை இருக்கிறது. கயிறு, பெயிண்டு, வலைக்கான மிதவை எல்லாம் கிடைக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லாவில் உட்கார்ந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எனக்குப் பேச வராது, கேட்க வரும். கேட்டதையெல்லாம் வைத்து ஒரு நாவல் எழுதினேன். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிற ஒருவன், அவன் மனைவி, அவன் அம்மா. கதையில் முக்கியமானவர்கள் இந்த மூன்று பேர்தான்.

எங்கள் ஊரிலேயே மாடியில் ஓர் அறையை வைத்துக்கொண்டு புத்தகம் போடுகிற சின்னப் பதிப்பகம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. அங்கே எடிட்டராக இருந்த பெண் நாசரேத்துக்காரர், என்னைவிட இளையவர். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, கதை நல்லாருக்கு. ஆனா ஏழாம் அத்தியாயம் செத்துக் கெடக்கு. அதுக்கு உசுரு வரலேன்னா இந்த வருசம் புத்தகம் அச்சுக்குப் போகாது."

ஏழாம் அத்தியாயம்தான் நாவலின் நடு முடிச்சு. தோணியில் போனவன் வீடு திரும்பியிருக்கிறான். மாலத்தீவில் அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாளோ என்று மனைவிக்குச் சந்தேகம். அதை அவள் கேட்கிற இடம் அது.

எடிட்டர் என் வரிகளை வாசித்துக் காட்டினார்.

"'அங்கே உங்களுக்கு யாரும் இருக்காளா?' என்று ஆவேசத்துடன் கேட்டாள். 'யாரும் இருக்காளான்னா கேக்க?' என்று திடுக்கிட்டு வினவினான். 'ஆமா, அதைத்தான் கேக்கேன்' என்று கண்கள் சிவக்கக் கர்ஜித்தாள்." தாளைக் கீழே வைத்தார். "இவ கர்ஜிக்கதுக்கு வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே நீங்க கர்ஜிச்சுட்டீய. அப்புறம், உங்க ஆளுவ எல்லாரும் கேட்டதத் திருப்பிக் கேக்காவ, பாத்தீயளா? மாமியாகூட. 'சோறு வைக்கவா?' 'சோறு வைக்கவான்னா கேக்க?' இது என்னது?"

எனக்குப் பொறி தட்டியது. கடையில் அப்படித்தான். எட்டு எம்எம் கயிறு ஒரு சுருள் என்று கேட்டால், "எட்டு எம்எம், ஒரு சுருள்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எடுப்போம். இல்லையென்றால் கயிறு மாறிப்போகும். பழக்கத்தில் என் மனிதர்கள் எல்லோரையும் கல்லாவில் உட்காரவைத்திருக்கிறேன். சொன்னதும் அவர் சிரித்தார்.

"ஒருத்தன் ஒரு எடத்துல திருப்பிக் கேட்டா, அவன் நேரத்தக் கடத்துதான்னு தெரியும். எல்லாரும் கேட்டா கடைதான் தெரியுது."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக 'ஆவேசத்துடன்', 'திடுக்கிட்டு' எல்லாவற்றையும் அடித்தேன். அடிக்க அடிக்கக் கை சூடு பிடித்து 'என்றான்', 'என்றாள்' எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். வெறும் பேச்சு மட்டும் நின்றது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குக் கதை புத்தகமெல்லாம் பழக்கமில்லை. அதனால்தான் கொடுத்தேன்.

பாதியில் நிமிர்ந்தாள். "இது யாரு பேசுதது?"

"மாமியா."

"அவ எப்ப வந்தா?"

அப்போதுதான் ஒன்று விளங்கியது. புருசனும் பொண்டாட்டியும் மட்டும் பேசும்வரை யார் பேசுகிறார் என்று சொல்லவே தேவையில்லை. அவன் 'நீ' என்பான், அவள் 'நீங்க' என்பாள். 'ஏளா' என்று கூப்பிட்டால் அவன், 'கேட்டியளா' என்றால் அவள். நம் பேச்சுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒருத்தி வந்ததும் அந்தக் கணக்கு உடைகிறது. மாமியாரும் மருமகளை 'ஏளா' என்றுதான் கூப்பிடுவாள். அங்கே ஒரு 'என்றாள்' வேண்டும். அது கண்ணில் படாது. படாமலே வேலையைச் செய்துவிட்டுப் போகும். 'கர்ஜித்தாள்' அப்படியில்லை, வாசலை மறித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்த முறை வேறொரு கோளாறு செய்தேன். 'என்றான்' வருகிற இடத்திலெல்லாம் ஒரு செய்கையைப் போட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். அவள் முந்தானையால் முகம் துடைத்தாள். அவன் மறுபடி தலையைச் சொறிந்தான். மனைவி படித்துவிட்டுக் கேட்டாள்.

"இவனுக்குத் தலையில பேனா?"

"எங்க?"

"எல்லா எடத்துலயும் சொறியான். இவளுக்கு வேர்வ வேற நிக்க மாட்டேங்கு. பேசுததவிட இதுவதான் நெறைய இருக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது சரி. அந்தச் செய்கைகள் யாருக்கும் சொந்தமில்லாதவை. எந்தக் கதையிலும் எவனும் தலையைச் சொறியலாம். இந்த வீட்டில், இந்த நாளில், இவர்கள் கையில் என்ன இருக்கும் என்று யோசித்தேன்.

மாலத்தீவிலிருந்து வருகிறவன் மாசி கொண்டுவருவான். காய்ந்த சூரை மீன், கட்டை மாதிரி இறுகியிருக்கும். குழம்புக்குப் போட அதைக் கத்தியால் சீவவேண்டும். சீவினால் சத்தம் வரும். அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது. அவள் சீவிக்கொண்டே பேசட்டும். வீடு முழுக்க அந்தச் சத்தம் இருக்கட்டும். பிறகு அது நிற்கும்போது, பேச்சு நின்றுபோனது காதில் விழும்.

மௌனம் என்று எழுதினால் மௌனம் வருவதில்லை. ஒரு வரியை வெறுமனே விட்டாலும் படிக்கிறவர் கண் அதைத் தாண்டி ஓடிவிடும். ஓடவிடாமல் பிடிக்க அங்கே ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். அதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எழுதும்போது கைக்கே தெரிந்தது. கேள்வியையும் மாற்றினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் இதை நேராகக் கேட்கமாட்டாள்.

தாள்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எடிட்டர் வாய்விட்டே வாசித்தார்.

"'மெலிஞ்சு போவலியே நீங்க' என்றாள். மாசியைச் சீவிக்கொண்டிருந்தாள். 'தோணியில நல்லாத்தான் திங்கோம்.' 'தோணியில சரி. கரையில சமைச்சுப் போடுதது யாரு?' 'கரையிலயா?' கத்தி நின்றது. அவன் ஒரு மாசித் துண்டை எடுத்து, அது எந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுபோலத் திருப்பினான். உள்ளேயிருந்து குரல் வந்தது. 'ஏளா, எண்ணெ வைக்கவா?' அவள் மறுபடி சீவத் தொடங்கினாள்."

வாசித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன அவன் ஒரு வார்த்தையாவது சொல்லணும்லா. படிக்கவங்க காத்துக்கிட்டு இருப்பாவ."

"இருக்கட்டும். அவளும் காத்துக்கிட்டுதான இருக்கா."

"இல்ல, அங்க ஒருத்தி உண்டா இல்லையான்னு தெரியாமப் போயிரும். ஒரே வரி. 'மன்னிச்சிரு'ன்னு சொன்னாப் போதும்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி என்று தலையாட்டியிருப்பேன். கடையில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. புத்தகம் அச்சுக்குப் போவதும் போகாததும் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் இந்த மனிதனை எனக்குத் தெரியும்.

"சொல்ல மாட்டான்" என்றேன்.

"கட்டாயமா?"

"உங்களுக்கு என்ன தோணுது? உண்டா, இல்லையா?"

அவர் தாளை மறுபடி பார்த்தார். 'கரையிலயா?' என்ற இடத்தில் விரலை வைத்தார். கத்தி நின்ற வரிக்கு வந்தார்.

"உண்டு" என்றார்.

"அப்ப அவன் சொல்லிட்டான்லா."

அவர் பேனாவை எடுத்தார். மாமியார் குரல் வருகிற இடத்தில் 'உள்ளேயிருந்து' என்பதற்குப் பின்னால் 'அம்மாவின்' என்று சேர்த்தார். "யாரு குரல்னு இது மட்டும் வேணும்" என்றார். அது சரிதான், நான் விட்டுவிட்டேன். ஒத்துக்கொண்டேன்.

பிறகு போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினார். "ஏழாவதும் சேத்துதான் அனுப்புதேன்" என்றார்.