வழியில்லை என்று சொன்ன சர்வர்

திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை நான் கீழ்பென்னாத்தூர் கிளையில் இருந்தேன். திருவண்ணாமலை மெயின் லேபிலிருந்து டாக்டர் போன் செய்தார்.

"ஏம்மா, வெயிட்டிங் ஹால்ல ஒருத்தர் நம்ம வைஃபையில இருந்துகிட்டு போன்ல ரிப்போர்ட் பக்கத்தைத் தொறந்து காட்டுறாரு. யாரு வேணும்னாலும் பாக்கலாமா?"

வெட்கமாக இருந்தது. ஹால் வைஃபையும் சர்வரும் ஒரே நெட்வொர்க். அதைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தது வேறு கதை. "இப்பவே அடைச்சிடறேன் சார்" என்றேன்.

மெயின் லேபில் இருந்த சர்வரில், யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் ஃபயர்வால்டி இருந்தது. கிளையிலிருந்தே உள்ளே நுழைந்து, எல்லோருக்கும் பொதுவான விதித்தொகுப்பான பப்ளிக் ஸோனில், இன்னாருக்கு இது என்று சொல்லும் ரிச் ரூல்கள் எழுதினேன். கிளையின் முகவரிகளுக்கும் மெயின் லேபின் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும், ரிப்போர்ட் பக்கம் வரும் 8080 போர்ட்டில் அனுமதி. மெயின் லேபில் இருந்த டெக்னீஷியன் அக்காவைக் கூப்பிட்டு, ஹால் வைஃபையில் அவர் போனில் பார்க்கச் சொன்னேன்.

"இன்னும் தொறக்குதுமா."

திறக்கத்தான் செய்யும். அந்த ஸோனில் 8080 ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்திருந்தது. சிலருக்கு அனுமதி என்று கூடுதலாக எழுதினால் மற்றவர்களுக்கு அது மூடிவிடாது. எரிச்சலில், 8080-க்கு யார் வந்தாலும் மறு என்று இன்னொரு ரிச் ரூல் சேர்த்தேன். இப்போது யாருக்குமே திறக்கவில்லை. முன்னுரிமை எண் கொடுக்காவிட்டால் மறுக்கும் விதிகள்தான் முதலில் பார்க்கப்படும். நான் எந்த வரிசையில் எழுதினேன் என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

அக்கா போனில் கத்தினார். "எனக்கே வரலைமா, இங்க ஆளுங்க நிக்குறாங்க!"

மறுப்பு விதியை எடுத்தேன். பப்ளிக் ஸோனில் திறந்திருந்த 8080-ஐயும் எடுத்தேன். மெயின் லேபின் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கான ரிச் ரூல்களை மட்டும் அங்கே விட்டேன். கிளைக்கென்று புதிதாக ஒரு ஸோன் உருவாக்கி, 192.168.20 என்று தொடங்கும் எங்கள் முகவரிகளை அதில் சேர்த்து, 8080-ஐ அங்கே திறந்தேன். ரீலோட். அக்காவின் போனில் பக்கம் வரவில்லை, அவர் கம்ப்யூட்டரில் வந்தது, எனக்கும் வந்தது. நிம்மதியாக, சர்வருக்குள் நுழைந்திருந்த விண்டோவை மூடினேன்.

அரை மணி நேரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டார். "ரத்த அணு எண்ணுற மெஷின் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்கில்ல, அதுல வரலை."

அப்படி மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு ரூல் போட்டால் முடிந்தது என்று தூரத்திலிருந்தே கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போக முயன்றேன். ஹோஸ்டுக்கு, அதாவது சர்வருக்கு, வழியில்லை என்றது.

அந்த ஒரு வரி என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. வழியில்லை என்றால் லைன் போச்சு என்றுதானே நினைப்போம்? ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். இன்டர்நெட் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுத் திட்டினேன். "லைன் நல்லாதான் இருக்கு மேடம்" என்றார் அவர். அப்போதுதான் உறைத்தது: பிரவுசரில் ரிப்போர்ட் பக்கம் எனக்குத் திறந்தபடிதான் இருந்தது. லைன் போயிருந்தால் அது எப்படி வரும்?

கிளையின் முகவரிகளை ஒரு ஸோனுக்குக் கொடுத்துவிட்டால், அங்கிருந்து வருவதை அந்த ஸோன்தான் விசாரிக்கும், பப்ளிக் ஸோன் அல்ல. என் புது ஸோனில் 8080 மட்டும்தான் இருந்தது. எஸ்எஸ்எச்சைச் சேர்க்கவில்லை; ஃபயர்வால் மறுத்ததைத்தான் வழியில்லை என்று காட்டியிருக்கிறது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பை ரீலோட் வெட்டாததால், விண்டோவை மூடிவிட்டு மறுபடி நுழையப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை. என்னை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன்.

"எனக்குச் சொல்லுமா, சர்வர்ல நான் அடிக்கிறேன்" என்றார் அக்கா. பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை எல்லாம் அவர் ஒரு முறை சத்தமாகத் திருப்பிச் சொல்லுவார், சுற்றி அத்தனை பேர். "வேணாங்க்கா, நானே வர்றேன்."

அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ் ஊருக்குள் போகவில்லை. வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். கூட்டத்தை எதிர்த்து, லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில் நடந்தேன். யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட என்னைத் தவிர யாரும் இல்லை.

சர்வரின் முன்னால் உட்கார்ந்து புது ஸோனில் எஸ்எஸ்எச்சைச் சேர்க்க ஒரு நிமிடம். மூன்றாவது கம்ப்யூட்டருக்கு ரிச் ரூல் எழுத இன்னொரு நிமிடம். கிளையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் போனில் எஸ்எஸ்எச் கட்டளையை அடிக்கச் சொல்லி, பாஸ்வேர்டு கேட்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

"வந்துடுச்சு!" என்றார் அக்கா, மெஷின் பக்கத்திலிருந்து.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்ளோ நேரமா? சரி, ஹால்ல வைஃபை ஸ்லோவா இருக்காம். போறதுக்கு முன்னாடி அதையும் பாத்துடு."

தலையாட்டினேன். பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.