கல்லாக்காவின் பன்னிரண்டு வரிகள்

பேக்கரியில் பணம் வாங்கிப் போடும் மேஜைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்ததால் அவளுக்குக் கல்லாக்கா என்று பெயர் வந்தது. பிரெஞ்சு வகுப்பில் முதல் நாள் அந்தப் பெயரைச் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டர், "கல்லா அக்காதான் முதல்ல கத்துக்க வந்திருக்காங்க" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கல்லாக்காவுக்கு அந்த நகைச்சுவை புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கல்லாத அக்கா என்கிறார் என்று புரிந்ததும், "பேரு கடைக்காரர் வச்சது, டாக்டர். படிப்பைப் பத்தி யோசிச்சு வச்சதில்ல" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் ரொட்டி அடுப்பு பொருத்தும் மெக்கானிக். இரண்டு வருஷமாகப் பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் வேலை. இப்போது அவளையும் கூப்பிட்டுக்கொள்ள ஏற்பாடு நடந்தது. விசா மனுவோடு பிரெஞ்சு முதல்நிலைத் தேர்வுச் சான்றிதழ் இருந்தால் நல்லது என்று ஏஜென்ட் சொன்னார். அதனால் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மருந்துக்கடைக்கு மேலே இருந்த மொழிப்பள்ளிக்குப் படியேறினாள். ஏப்ரனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். ஆனாலும் அவள் உள்ளே வந்தால் வகுப்பு முழுக்க வெண்ணெய் வாசனை வரும். டீச்சருக்கு அந்த நேரத்தில்தான் பசிக்கும்.

நாலாவது வாரம் டீச்சர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். "பேக்கரியில்" என்று தலைப்பு. பன்னிரண்டு வரி உரையாடல், விற்பவருக்கு ஆறு, வாங்குபவருக்கு ஆறு. டீச்சர் ராத்திரி உட்கார்ந்து தானே எழுதியது. வணக்கம் சொல்வது, கேட்பது, எண்கள், விலை, நன்றி, விடைபெறுவது எல்லாம் அதில் அடங்கியிருந்தது.

"இதை மனப்பாடம் பண்ணிட்டா பரிட்சைல பாதிப் பயம் போயிடும். டாக்டர், நீங்க கடைக்காரர். அக்கா, நீங்க வாடிக்கையாளர்" என்றாள்.

கல்லாக்கா தாளைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். பேக்கரி என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்திருந்தது. இது நம்ம இடம்.

டாக்டர் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். "போன்ஜூர் மதாம்."

"போன்ஜூர் முசியே" என்றாள் கல்லாக்கா. அதுவரை சரி. அடுத்தது அவள் வரி. 'ஜ வூத்ரே', அதாவது எனக்கு வேண்டும் என்று பணிவாகக் கேட்டு, பிறை மாதிரி வளைந்த க்ருவாசான் இரண்டும், பகெத் என்ற நீள ரொட்டி ஒன்றும் சொல்ல வேண்டும். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். எதிரே ஒரு ஆள் சும்மா நிற்பதைப் பார்த்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ அவெக் செசி?" என்றாள். அதாவது, வேற என்ன வேணும்.

"அது என் வரிக்கா."

"நீங்க சொல்லாம நின்னீங்களே."

"நீங்க இன்னும் எதுவும் வாங்கலையே."

இரண்டாம் தடவையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் தடவை க்ருவாசான் வரை வந்துவிட்டாள். டாக்டர் விலையைச் சொல்லத் தடுமாறியபோது இவளே விலையைச் சொல்லி, இல்லாத காசை வாங்கி, மீதி கொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்று அவரை வழியனுப்பியும் வைத்தாள். வாடிக்கையாளராக இருக்க அவளுக்கு வரவே இல்லை. யோசித்துப் பார்த்தால், பத்தொன்பது வருஷத்தில் அவள் ரொட்டி கேட்டு வாங்கியதே கிடையாது. சாயங்காலம் மிஞ்சியதைத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவாள், அவ்வளவுதான்.

தாளின் மேலும் அவளுக்குக் குறை இருந்தது. "டீச்சர், ஒரு ஆளு ரெண்டு சாமான் வாங்க மூணு தடவை நன்றி சொல்றாரு. பின்னால வரிசைல நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"அங்க அப்படித்தான்க்கா. போன்ஜூர் சொல்லாம ஆரம்பிச்சா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. 'ஜ வ'ன்னு கேட்டா எனக்கு இது வேணும்னு அதட்டுற மாதிரி. 'ஜ வூத்ரே'ன்னா, கிடைக்குமான்னு கேக்குற மாதிரி. கடைசில 'சில் வூ ப்ளே'. தயவுசெய்துன்னு அர்த்தம்."

கல்லாக்கா தாளை மறுபடி ஒருமுறை படித்தாள். "இங்க போனைப் பாத்துக்கிட்டே ரெண்டு பன்னுன்னு விரலை நீட்டுவாங்க" என்றாள். பிறகு அந்த மூன்று நன்றிகளின் கீழும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

எண்கள் வந்த வாரம் வகுப்பே திண்டாடியது. அறுபத்தொன்பது வரை ஒழுங்காகப் போகிற பிரெஞ்சு, எழுபதுக்கு வந்ததும் அறுபது-பத்து என்கிறது. எண்பது என்றால் நாலு-இருபது. தொண்ணூற்றேழுக்கு நாலு-இருபது-பதினேழு. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அவர் தொழிலில் முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணத் தேவைப்பட்டதே இல்லை.

கல்லாக்காவுக்கு மட்டும் அது வெல்லமாக இனித்தது. நாலு இருபது ரூபாய் கேக், மேலே பதினேழு ரூபாய்க்கு ரஸ்க், மொத்தம் தொண்ணூற்றேழு. "நான் தினமும் இப்படித்தானே கூட்டுறேன். இந்தப் பாஷைய ஒரு கல்லாக்காரர்தான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றாள். அன்று வகுப்பு முடியும்வரை டாக்டருக்கு அவள் எண்கள் சொல்லிக்கொடுத்தாள். டாக்டர் பதிலுக்கு அவளிடம் கடைக்காரராக நின்று, அவள் வாயைத் திறக்கும்வரை தான் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். பல் டாக்டருக்கு அது பெரிய தியாகம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் போனில் வந்தார். அங்கே எப்படி ரொட்டி வாங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

"விரலைக் காட்டுவேன். 'ஜ வ, ஜ வ'ன்னு சொல்லுவேன். குடுப்பாங்க."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா. ரொட்டிக்கடை அம்மாவுக்கு என்னை ஏனோ பிடிக்கல. மத்தவங்களுக்குச் சிரிச்சுக் குடுக்கும். எனக்கு வைக்கிற சத்தத்துல ரொட்டி உடையும்."

"பிடிக்காம இருக்கிறதுதான் நியாயம்" என்ற கல்லாக்கா, தாளை எடுத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு வரியையும் போனிலேயே அவருக்கு ஓதினாள். அவர் வாடிக்கையாளர், இவள் கடைக்காரி. இந்த முறை உரையாடல் தடையில்லாமல் ஓடியது. முக்கால் மணி நேரத்தில் அவர் ஆறு வரியையும் பிழையில்லாமல் சொன்னார்.

மறுநாள் காலை அவர் அந்தக் கடைக்குப் போய், போன்ஜூர் மதாம் என்று தொடங்கி, பணிவாக ஒரு பகெத் கேட்டார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் ஏதோ கேள்வியும் கேட்டாள். தாளில் இல்லாத கேள்வி. அவர் "வீ" என்றார். ஆமாம் என்று அர்த்தம். அந்தம்மா மறுபடியும் அதையே கேட்டாள். அவர் மறுபடியும் ஆமாம் என்றார். கடைசியில் கரியைப் போல முறுகிய ரொட்டி ஒன்று கிடைத்தது.

"நல்லா வெந்ததா, இளசா, எது வேணும்னு கேட்டிருக்காங்க" என்று டீச்சர் செவ்வாய்க்கிழமை விளக்கினாள். "ரெண்டுக்கும் ஆமாம்னு சொல்லியிருக்காரு."

"அப்ப இதைத் தாள்ல போடணும், டீச்சர். அடுப்புக்காரருக்கே அடி சறுக்கிருச்சு."

டீச்சர் யோசித்துவிட்டு எழுதிச் சேர்த்தாள். உரையாடல் பதினாலு வரியாயிற்று.

தேர்வு நாளன்று கல்லாக்கா கடைக்கு லீவு சொன்னாள். எழுத்து முடிந்து, மத்தியானம் பேச்சுத் தேர்வு. அறைக்குள் இரண்டு பேர். நரைத்த தாடிக்காரர் ஒருவர் பேசுவார், கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் எழுதிக்கொள்வார். முதலில் பெயர், ஊர், குடும்பம் என்று விசாரித்தார்கள். பிறகு சொற்கள் எழுதிய அட்டைகளை எடுத்து, அவற்றை வைத்துக் கல்லாக்கா அவர்களிடம் கேள்வி கேட்டாள். கடைசியில் நடிப்பு. தாடிக்காரர் பேக்கரிக்காரர். மேஜை மேல் ரொட்டிப் படங்கள், ஒவ்வொன்றிலும் விலை. பக்கத்தில் காகிதக் காசுகள். அவள் நாலு பேருக்குக் காலை உணவு வாங்க வேண்டும்.

கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். "போன்ஜூர் முசியே. ஜ வூத்ரே நாலு க்ருவாசான், ஒரு பகெத், சில் வூ ப்ளே." எண்களையும் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

தாடிக்காரர் உதட்டைப் பிதுக்கி, தோளைத் தூக்கி, நீளமாக ஏதோ சொன்னார். பதினாலு வரியிலும் அது இல்லை. அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் அந்த முகம் பிடிபட்டது. சரக்குத் தீர்ந்துபோனால் அவள் பத்தொன்பது வருஷமாக மாட்டிக்கொண்ட முகம் அது.

க்ருவாசான் இல்லை. சரி, இப்போது அவர் வேறு எதையாவது எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் காட்டவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். இப்படியா வியாபாரம் பண்ணுவது என்று அவளுக்கு மனசுக்குள் கோபம் வந்தது. கோபத்தில் பயம் போய்விட்டது. படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, உங்களிடம் ப்ரியோஷ் என்ற இனிப்பு பன் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நாலு கேட்டாள். பகெத் எப்படி வேண்டும் என்று அவர் கேட்டபோது, இளசாக என்று உடனே சொன்னாள். எவ்வளவு ஆச்சு என்றும் கேட்டாள்.

"செத் யூரோ காத்ர வான் தீஸ்" என்றார் தாடிக்காரர். ஏழு யூரோ நாலு-இருபது-பத்து. ஏழு தொண்ணூறு.

காகிதக் காசை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. ப்ரியோஷ் ஒன்று ஒன்றரை யூரோ, நாலுக்கு ஆறு. பகெத் ஒன்று பத்து. ஏழு பத்துதான் வரும். பரிட்சையில் வாத்தியாரைத் திருத்தலாமா என்று அவள் யோசித்தாள். அந்த யோசனை முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நோன், முசியே. மன்னிக்கணும். ஏழு யூரோ பத்து." மன்னிப்பு உட்பட எல்லாம் பிரெஞ்சில்.

தாடிக்காரர் படங்களைத் திருப்பிப் பார்த்தார். விரலால் கூட்டினார். கண்ணாடி போட்ட அம்மாவும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூட்டினாள். பிறகு அவர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். கணக்குத் தீர்ந்தது, எதிரே ஒரு ஆள் சும்மா நிற்கிறார் என்று கல்லாக்காவின் மூளைக்கு எட்டியது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஏ அவெக் செசி?" என்றாள்.

"செ தூ, மெர்சி" என்றார் தாடிக்காரர். அவ்வளவுதான், நன்றி. சொன்ன பிறகுதான் யார் கடைக்காரர் என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடி போட்ட அம்மா குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

வெளியே வந்து டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, பரிட்சையில் தான் போண்டி என்றாள் கல்லாக்கா. மூன்று வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முடிவு வந்த அன்று டீச்சர் பேக்கரிக்கே நேரில் வந்தாள். நூற்றுக்கு எழுபத்தெட்டு.

"அறுபது-பதினெட்டா?" என்று கேட்டுவிட்டு, கல்லாக்கா டீச்சருக்கு ஒரு க்ரீம் பன் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை மாதமும் வாசனை மட்டுமே கிடைத்த டீச்சர் அதை அங்கேயே நின்று தின்றாள்.

ஐந்து மாதம் கழித்து கல்லாக்கா புறப்பட்டுப் போனாள். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, அந்தக் கடைக்கு வீட்டுக்காரரோடு நடந்தாள். உள்ளே நான் மட்டும் போகிறேன் என்று அவரை வாசலில் நிறுத்தினாள். வரிசையில் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் நிதானமாக வணக்கம் சொல்லி, நிதானமாக நன்றி சொன்னார்கள். யாரும் பின்னாலிருந்து இடிக்கவில்லை. தன் முறை வந்ததும் அவள் கேட்டாள். அந்தம்மா புதுசாக ஒரு சொல் சொன்னாள். சொல் புரியவில்லை. ஆனால் அந்தம்மாவின் கை, துண்டு போடும் மெஷின் மேல் இருந்தது. "வீ, சில் வூ ப்ளே" என்றாள் கல்லாக்கா.

ரொட்டியோடு வெளியே வந்தபோது வீட்டுக்காரர், "எப்படி இருந்துச்சு? அந்தம்மா சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்க. ஆனா அவங்க செருப்பு சரியில்லைங்க. நாள்பூரா நிக்கிறவங்க அவ்ளோ தட்டையாப் போடக் கூடாது. முட்டி போயிடும்." கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அதை மரியாதையா எப்படிச் சொல்றதுன்னு டீச்சர்கிட்ட கேட்டு எழுதி வாங்கணும்."