உறையாத நேரமும் மஞ்சள் நிறமும்

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் உறைகிற நேரத்தை அளப்பது என் வேலை. அளந்தது சரியென்றால் யார் வந்து சந்தேகப்பட்டாலும் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

வந்து நின்றவர் பிரசவ வார்டின் பெண் வைத்திய நிபுணர். அவருடைய நோயாளி நற்பிட்டிமுனையில் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை, நிறைமாதக் கர்ப்பிணி. முன்னர் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்திருந்தன. இப்போது காலில் இரத்தக்கட்டி. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிரசவம் நெருங்கிவிட்டதால், வேண்டிய நேரத்தில் உடனே நிறுத்தக்கூடிய ஹெபரின் என்ற உறைதடுப்பு மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள்.

அந்த மருந்து போதுமா, கூடிவிட்டதா என்று பார்க்க நாங்கள் வழக்கமாகச் செய்வது ஏபிடிடி என்ற பரிசோதனை. இரத்தநீர் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது காட்டும். ஆசிரியையின் நேரம் நீண்டுகொண்டே வந்தது. நீண்டால் மருந்தைக் குறை என்பது வார்டு விதி. குறைத்தார்கள், பிறகும் குறைத்தார்கள். காலோ வீங்கிக்கொண்டே போனது.

"என்ட ரிசல்ட் பிழையில்ல டொக்டர். ரெண்டு தரம் போட்டுப் பாத்தன்" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"பிழையெண்டு ஆர் சொன்ன? ஹெபரின் தொடங்க முந்தி எடுத்த ரத்தத்திட ரிசல்ட்டையும் ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். யா அல்லாஹ்! ஒரு துளி மருந்தும் ஏறாத அந்த இரத்தமே நீண்ட நேரம் எடுத்திருந்தது. ஆசிரியையின் உடம்பில் இருந்த ஓர் எதிர்ப்பொருள் எங்கள் குழாய்க்குள் உறைதலைத் தாமதப்படுத்தியது. உடம்புக்குள்ளேயோ அதே பொருள்தான் கட்டியை உண்டாக்கியது. பிள்ளைகள் இறந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார் டொக்டர். நாங்கள் நோயை அளந்துவிட்டு மருந்தை அளந்ததாக நினைத்திருந்தோம்.

"இவவுக்கு உறையிற நேரத்தை நம்பேலாது. ஹெபரினையே நேரா அளக்கணும். அன்டி டென்-ஏ செய்யுங்க."

அந்தப் பரிசோதனைக்கான இரசாயனப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. உடைத்தால் சில நாளில் கெட்டுவிடும் என்று எங்கள் பொறுப்பாளர் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். "மத்த ஆக்களுக்கு ஏபிடிடி காணும், அதால உடைக்கல்ல" என்றார்.

"ஓம் சேர், மத்த ஆக்களுக்குக் காணும். இவவுக்குத்தான் காணாது" என்றார் டொக்டர். குரல் உயரவில்லை. பொறுப்பாளர் தானே பெட்டியை உடைத்துத் தந்தார்.

சேலைன் ஏறாத கையிலிருந்து நானே இரத்தம் எடுத்தேன். ஏறுகிற கையில் எடுத்தால் மருந்து கலந்து பொய்க்கணக்கு வரும். சுணங்காமல் சுழற்றி இரத்தநீரைப் பிரித்தேன். இந்தப் பரிசோதனையில் உறைய வைக்கிற ஒரு பொருளை நாங்களே சேர்ப்போம். இரத்தநீரிலுள்ள ஹெபரின் அதைப் பிடித்து அடக்கும். அடங்காமல் மிஞ்சியது மஞ்சள் நிறத்தை உண்டாக்கும். மஞ்சள் கூடினால் ஹெபரின் குறைவு. இயந்திரம் நிறத்தைப் படித்துத் தந்தது 0.1. குறைந்தது 0.3 வேண்டும்.

மருந்து கூடிவிட்டதென்று நாங்கள் பயந்த பெண்ணுக்கு மருந்தே போதவில்லை. உடனே போன் எடுத்துச் சொன்னேன். டொக்டர் அளவைக் கூட்டினார். அதற்குப் பிறகு இந்தப் பரிசோதனையை வைத்தே கூட்டிக் குறைத்தார்கள், வீக்கமும் வடியத் தொடங்கியது.

பிள்ளையை எடுக்கிற சத்திரசிகிச்சை நாளன்று ஹெபரினை நிறுத்தினார்கள். பிறகும் ஏபிடிடி நீண்டே இருந்தது. முதுகில் விறைப்பூசி போட்டால் இரத்தம் கசியுமோ என்று மயக்க மருந்து டொக்டர் தயங்கினார். முழு மயக்கம்தான் என்றார். ஆசிரியை அழுதாவாம். "ரெண்டு பிள்ளையும் சத்தமில்லாமத்தான் வந்த. இந்தப் பிள்ள அழுறத நான் கேக்கணும்."

மறுபடி ஆய்வுகூடத்துக்கு அவவின் இரத்தம் வந்தது. இம்முறை மஞ்சள் முழுசாக எழுந்தது. ஹெபரின் துளியும் இல்லை. எங்கள் டொக்டர் அந்த முடிவோடு மயக்க மருந்து டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். அப்படியொரு பொறுமை எனக்கு ஆயுசுக்கும் வராது. கடைசியில் ஊசி முதுகில் போடப்பட்டது.

பின்னேரம் வார்டுக்குப் போனேன். ஆசிரியை பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தா. பிள்ளை கட்டிடம் அதிர அழுதது. பக்கத்துக் கட்டில்காரிகள் முகம் சுளித்தார்கள். நர்ஸ் ஓடி வந்து, "பாலக் குடுங்ககா, நிப்பாட்டட்டும்" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்" என்றா ஆசிரியை. "இன்னும் கொஞ்சம் அழட்டும்."