பின்னறைக் குச்சி

தெருவில் அவளுக்கு 'ஹெட்போன் அக்கா' என்று பெயர். முன்னறை ஜன்னலோரம் காலை எட்டு மணிக்குக் காதில் மாட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் கழற்றுவாள். தலையில் இரண்டு பக்கமும் முடி அமுங்கி, குளித்த பிறகுகூட அந்தத் தடம் போகாது.

வேலை, மொழிபெயர்ப்பது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளி வேறு மொழி பேசுவார். நடுவில் இன்டர்நெட் வழியாக இவள் குரல். "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பதிலிருந்து "குழந்தையோட இதயத்துடிப்பு கேக்கல" என்பது வரைக்கும் இவள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முன்பு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்தவள். கணவன் விட்டுப் போனதும் அந்த வேலையும் போனது. நாற்பத்தாறு வயதில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து, இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு விதி இருந்தது. மாதத்தில் மூன்று அழைப்புகள் அறுந்தால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது கடிதம் வந்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

முதல் கடிதம் மழைக்காலத்தில் வந்தது.

அழைப்புகள் அறுந்ததெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த குரல் அதற்கப்புறம் துண்டு துண்டாக வரும். ஒரு நாள் ஒரு தாய்க்கு அவள் பையனின் ஆபரேஷன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பையன்..." என்றதோடு லைன் போய்விட்டது. பிழைத்தானா என்பது வாக்கியத்தின் மறுபாதியில் இருந்தது. மறுபடி இணைய நான்கு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அந்தத் தாய் மயங்கி விழுந்திருந்தாள். பையன் பிழைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"வீட்ல வேற யாராவது வீடியோ பாக்கறாங்களா மேடம்?" என்றது அந்தப் பக்கக் குரல்.

"எங்கப்பா பின்ரூம்ல சித்தப்பாகூட வீடியோல பேசுவாரு."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டுலருந்து அஞ்சு."

"அதான் மேடம். அத நிறுத்திப் பாருங்க."

பேசுவார் என்று சொல்வதும் சரியில்லை. அண்ணனும் தம்பியும் சதுரங்கம் ஆடுவார்கள். அப்பாவின் பழைய லேப்டாப் பக்கத்தில் ஒரு பலகை. தூர தேசத்தில் சித்தப்பாவின் மேசையில் இன்னொரு பலகை. இவர் சிப்பாயை நகர்த்தினால் அவர் தன் பலகையிலும் நகர்த்திக்கொள்வார். மூன்று மணி நேரத்தில் முப்பது வார்த்தை தேறாது.

"அண்ணே, தூங்கிட்டியா?"

"யோசிக்கிறேன்டா."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

"உன் மந்திரிக்குத் தாலாட்டு பாடறேன். அடுத்த ஆட்டத்துல செத்துரும் பாவம்."

சித்தப்பா ஒரு கடிகாரக் கடையில் வேலை செய்தார். கடை சாத்தி வீட்டுக்கு வரும்போது அங்கே இரவு ஏழரை, இங்கே மதியம் இரண்டு. இவள் ஹெட்போனைக் கழற்றும் நேரத்தில் அவர் படுத்திருப்பார். ஞாயிறு ஒன்றில்தான் அவர்கள் ஆட்டம் இவள் வேலையோடு மோதாது. அன்று இவளுக்கு விடுமுறை.

அந்தத் தாயின் கதையைச் சொல்லித்தான் அப்பாவிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க வெறுமனே பலகையப் பாத்துக்கிட்டுத்தானம்மா உக்காந்திருக்கோம். அதுவா இழுக்குது?"

"வீடியோப்பா. பெரிய தீனி தின்னும்."

"சரி. உன்னுது உசிரு காக்கற வேலை. ஞாயித்துக்கிழமை ஆடிக்கறோம்."

மறுநாளே குரல் தெளிந்துவிட்டது. இரண்டாவது கடிதம் வரவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று அவள் நினைத்தாள். தினம் இரண்டு மணிக்குப் பின்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அப்பா பலகை முன்னால் உட்கார்ந்து, ஞாயிறன்று என்ன நகர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் காதில் யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு ஓடிக்கொண்டிருக்கும்.

பதினாறு ஞாயிறுகள் போயின. அதில் இரண்டில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். பதினேழாவதற்கு முந்தைய வியாழக்கிழமை, கடையிலேயே, கையில் லென்ஸோடு சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பலகையில் ஆட்டம் பாதியில் நின்றது. நகர்த்த வேண்டியது அவர்தான்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, பழைய ரவுட்டர்களை மாற்ற கம்பெனி ஆள் அனுப்பியது. வந்தவர் தொப்பை போட்ட, வாய் ஓயாத மனிதர். பழைய பெட்டியைக் கழற்றும் முன் அதில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்று தன் போனில் பார்த்தார்.

"அடேங்கப்பா! யாரு மேடம் இந்தத் தாத்தா? இந்தக் காலத்துல ரெண்டு மெகாபிட் வேகத்துல நொண்டிக்கிட்டிருக்காரு."

பின்னறைக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்பா வெளியே நடக்கப் போயிருந்தார். லேப்டாப் திறந்தே கிடந்தது. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வைஃபை குச்சி செருகியிருந்தது. உள்ளே இருந்த கார்டு கெட்டுப்போனபோது அப்பா ஏதோ பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்தது.

"இது வைஃபை பொறந்த புதுசுல வந்த ரகம். நடுவுல ரெண்டு செவுரு வேற. இது பேச ஆரம்பிச்சா வீடே நிக்கும்."

"வீடியோ நெறய இழுக்கும்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னது? உங்க லைன்ல இந்த மாதிரி பத்து வீடியோ ஓடும். வர்ற லைன் குறையில்ல மேடம், வீட்டுக்குள்ள வைஃபை போற காத்துதான் குறை. ஒரே சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். புது மெஷின் மளமளன்னு சொல்லிட்டு ஒதுங்கிரும். இந்தாளு அதே சேதிய இழுத்து இழுத்துச் சொல்லுவாரு. முடிக்கற வரைக்கும் மத்தவங்க வாய மூடிக்கிட்டு நிக்கணும். அது போதாதுன்னு, இவரு இருக்காருன்னாலே மத்தவங்க ஒவ்வொரு தடவையும் இவருக்குப் புரியற பாஷைல 'நான் பேசப்போறேன், குறுக்க வராதீங்க'ன்னு அறிவிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். உங்க குரல் உடையாம என்ன பண்ணும்?"

"அப்ப என்ன பண்ணியிருக்கணும்?"

"புதுக் குச்சி ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கலாம். இல்ல, ரவுட்டர்லருந்து இங்க வரைக்கும் ஒரு கேபிள். கேபிள்ல போனா காத்துக்கு வேலையே இல்ல, ரெண்டு பேரும் நாளெல்லாம் பேசலாம். பதினஞ்சு மீட்டர் போதும். வண்டில கிடக்கு, இழுத்துரட்டுமா? அரை மணி நேர வேலை."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சுவரோரமாக ஆணி அடித்துக்கொண்டே போனார். மேசைக்கடியில் கேபிளைக் கொண்டுவந்து செருகி, குச்சியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

"பெரியவருக்கு இனிமே படம் சும்மா பளிச்சுனு தெரியும். வந்ததும் யாருக்காச்சும் போன் போடச் சொல்லுங்க."

அப்பா வந்தபோது அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், அவள் உள்ளங்கையைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னாள். பிறர் செய்தியைச் சொல்லியே பழகியவள், தன் செய்தியைச் சொல்லத் திணறினாள்.

"இவ்ளோதானாப்பா. ஒரு வயரு. நான் ஒருத்தர் சொன்னதோட விட்டுட்டேன். இன்னொருத்தர்கிட்ட கேட்டிருக்கலாம்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவன் கேட்டான். 'ஏண்ணே, ஒரு நாள் மட்டும்தானா?'ன்னு. எம் பொண்ணு குரல் அறுந்தா அங்க ஒரு உசிரு தவிக்கும்டான்னு பெருமையாச் சொன்னேன். அப்ப சரின்னான்."

"அப்பா..."

"நானும் கேட்டிருக்கலாமேம்மா. அளந்தே பொழச்சவன் நான். நிலம் அளக்கப் போனா ஒரு கல்ல மூணு தடவ அளப்பேன். இத ஒரு தடவகூட அளக்கல."

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. அழுகை அடங்கின பிறகு, அவள் கை பலகையின் ஓரத்தில் பட்டு ஒரு சிப்பாய் சற்றே நகர்ந்தது. அவள் பதறிக் கையை எடுத்தாள்.

"எந்தக் கட்டத்துல இருந்துச்சுப்பா?"

அப்பா குனிந்து அதை ஒரு விரலால் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்.

"இங்க. அவன் இன்னும் நகர்த்தல."