மாட்டுக் காசுக்கு ஒரு சீட்டு

மயிலம்மாள் யார் காசுக்கும் கை நீட்டியவள் அல்ல. செண்டாயான் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினாள். வெட்டு முடிந்தால் புல்லுக்கட்டு, அது முடிந்தால் சாணி. புருஷன் போன பிறகு பதினோரு மாடுகள்தான் அவளுக்குக் குடும்பம். அப்படிப்பட்டவளை சிரம்பான் வங்கியில் உட்கார வைத்து, "இந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சும்மா?" என்று கேட்டால் வயிறு எரியாதா?

கேட்டவர் கிரிதரன் என்கிற அதிகாரி. தெமியாங்கில் ஒரு பழைய வீட்டுக்கு அவள் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். எஸ்டேட்டை வாங்கியவர்கள் அவள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். இவரோ, விளக்கம் கிடைக்கும் வரை கணக்கிலிருந்து ஒரு காசும் வெளியே போகாது என்கிறார்.

"நான் என்னா திருடிக்கிட்டா வந்தேன்? மாடு வித்த காசு லா தம்பி."

"ஒரே வாரத்துல ஒம்பதாயிரம் ஒம்பதாயிரமா நாலு தடவை, அப்புறம் எட்டாயிரம். எல்லாம் ரொக்கம். இதுக்கு முன்னால உங்க கணக்குல ஆயிரம் வெள்ளிக்கு மேல வந்ததே இல்லம்மா."

எல்லாம் அக்கா மகன் யோகேந்திரன் செய்த வேலை. "மொத்தமா போட்டா பேங்க்ல நோண்டி நோண்டிக் கேப்பாங்க சின்னம்மா, பிச்சுப் பிச்சுப் போடுங்க" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னான். அவன் பேச்சைக் கேட்டவளைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பிரிச்சுப் போட்டதாலதான் சந்தேகமே," என்றார் கிரிதரன். "நாப்பத்தி நாலாயிரத்தையும் ஒண்ணா கொண்டாந்து, வாங்கினவரோட ரசீதைக் காட்டியிருந்தா ஒரு ஃபாரத்தோட முடிஞ்சிருக்கும். ரசீது இருக்கா?"

ரசீதுக்கு அவள் எங்கே போவாள்? மாடு கைமாறும்போது எஸ்டேட்டில் பேச்சுதான் ரசீது. விற்றவர் கயிற்றை மட்டும் வைத்துக்கொள்வார். லட்சுமி வீட்டைவிட்டுப் போகக்கூடாதாம். பதினோரு கயிறும் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. கயிற்றை எந்த வங்கி பார்க்கும்? மாடுகளை வாங்கிய ரெம்பாவ் வியாபாரி ஹாஜி சாலே அன்றைக்கே ரசீது நீட்டினார். இவள்தான் வேண்டாம் என்றாள். மாடுகள் யாரிடம் போயின என்பதற்குத் தடயமே வீட்டில் இருக்கக்கூடாது என்பது அவள் எண்ணம். ஊரில் அவள் சொல்லி வைத்திருந்தது வேறு கதை: மாடெல்லாம் ஜொகூரில் ஒரு மாட்டுப்பண்ணைக்குப் போய்விட்டன.

வேறு வழியில்லாமல் ஹாஜிக்குப் போன் போட்டாள். மனுஷன் தங்கமானவர். கையெழுத்திட்ட ரசீது, தன் அடையாள அட்டை நகல், மாடுகளை சிலாங்கூருக்கு ஏற்றிப்போகக் கால்நடை இலாகா கொடுத்த பெர்மிட், மூன்றையும் மறுநாளே கொடுத்துவிட்டார். மலாய் படிக்கத் தெரியாத மயிலம்மாள் அவற்றை அப்படியே வங்கிக்குக் கொண்டுபோனாள். காரில் அழைத்துவந்த பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, எஸ்டேட் கோயில் கமிட்டிக்காரி, துணைக்கென்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிரிதரன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "காதுப் பட்டை நம்பர் எல்லாம் இருக்கு. காளை ஏழு, பால் வத்தின பசு நாலு. போன எடம் சிலாங்கூர், கிள்ளான். நோக்கம், அறுப்பு."

புஷ்பவள்ளியின் முகம் மாறியது. "பண்ணைக்குன்னுதானே சொன்னீங்க அக்கா? கோமாதாவைப் போயி..."

மயிலம்மாளுக்கு ஒரு கணம் தலை குனிந்தது. அடுத்த கணம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா, அறுப்புக்குத்தான். பால் வத்தினதை எந்தப் பண்ணைக்காரன் எடுப்பான்? மாட்டுக் கொட்டாயைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் வந்தப்ப உன் கமிட்டிகிட்ட வந்து நின்னேனே, கோயிலுக்குப் பின்னால கட்டிக்கிறேன்னு. நாறும்னு சொன்னது யாரு? இருவது வருஷம் அபிஷேகத்துக்கு ஊத்தினேனே, அந்தப் பால் நாறலையா?"

புஷ்பவள்ளி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மயிலம்மாள் கிரிதரன் முன்னால் இருந்த விளக்க ஃபாரத்தைக் காட்டினாள். "எழுதுங்க தம்பி. அறுப்புக்கு வித்த காசுன்னே எழுதுங்க. எனக்குப் பயமில்ல."

"மாடு வித்ததுன்னு எழுதினா போதும்மா," என்றார் கிரிதரன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் அரைமணி நேரம் கழித்து வந்தார். வங்கித் தலைமையகம் கணக்கின் தடையை எடுத்துவிட்டது. வீட்டுப் பணத்தை இன்றைக்கே கட்டலாம். ரசீதையும் பெர்மிட்டையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பத்திரமா வைங்க. நாளைக்கு வருமான வரி ஆபீஸ்லயும் கேக்கலாம். ஏழு வருஷத்துக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க."

வெளியே வந்தால் புஷ்பவள்ளியின் காரைக் காணோம். மயிலம்மாள் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்து, பெர்மிட்டைப் பையில் ஒளிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.