பாட்னா சே, சென்னை தக்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஃபேக்டரி கேன்டீனில், ஷிப்ட் முடிந்ததும் ஜப்பானிய மொழி வகுப்பு. வாய்மொழித் தேர்வில் தேறினால் ஜப்பானில் பயிற்சி. இருவர் இருவராகப் பேசிக் காட்ட வேண்டும். ஒருவன் உளறினால் இருவருக்குமே கிடையாது.

இங்கிலீஷ் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானியமோ கடகடவென்று வந்தது. 'சென்னை கரா கும்மிடிப்பூண்டி மதே' என்றால் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை. நம் 'இருந்து', 'வரை' போலவே 'கரா', 'மதே' ஊர்ப்பெயருக்குப் பின்னால் வருகின்றன. 'க்கு' இருக்கும் இடத்தில் பெரும்பாலும் 'நி', 'நானும்' என்பதில் வரும் 'உம்'முக்கு 'மோ'. வினைச்சொல்லும் கடைசியில்தான்.

"நம்ம தமிழுதான்டா, வேற சட்டை போட்டுக்கினு வந்துக்குது. மத்தவனுக்கு வராது" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

வகுப்பெடுக்கும் மேடம் எனக்கு ஜோடியாகப் போட்டது பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பீகார்ப் பையனை. என்ன கேட்டாலும் சிரித்து, "ஆமாண்ணா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அவனை வைத்துக்கொண்டே கத்தினேன்.

"இந்திக்காரன் கூட வேணாம் மேடம். என் பொழப்பு பேஜாராயிடும்."

மேடம் மாற்றவில்லை. அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

தேர்வில் ஜப்பானிய மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தீர்கள் என்று பேச வேண்டும். நான் ஜம்பமாக, "பாசு தெ நோரிமஷ்தா" என்றேன். பஸ்ஸில் ஏறினேன் என்று சொல்ல, நம் 'இல்'லுக்கு வரும் 'தெ'யைப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் வந்தேன் என்பதற்கு அது சரி. ஏறினேன் என்றால் அங்கே 'நி' வர வேண்டும். மேனேஜரின் புருவம் உயர்ந்தது.

அவன் பதறவில்லை. "வத்தாஷி மோ பாசு நி நோரிமஷ்தா" என்றான், 'நி'யை மட்டும் கொஞ்சம் அழுத்தி. நானும் பஸ்ஸில் ஏறினேன் என்று பதில் சொல்வதுபோலவே என்னைத் திருத்திவிட்டான். நான் சட்டென்று பிடித்துக்கொண்டு மறுபடி சரியாகச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். இருவருக்கும் பாஸ்.

வெளியே டீக்கடையில் கேட்டேன். "உனுக்கு எப்படிடா வந்துச்சி?"

"இந்தியிலயும் பின்னாலதாண்ணா வரும். பாட்னா சே, சென்னை தக். பாட்னாலேர்ந்து, சென்னை வரைக்கும். நான் தமிழே அப்படி ஒட்டவச்சி ஒட்டவச்சித்தான் கத்துக்கினேன். பேசத்தான் கூச்சம். கேட்டா எல்லாம் புரியும்."

எல்லாம் புரியும். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அன்றைக்கு மேடத்திடம் நான் கத்தியதும், ஒரு வார்த்தை விடாமல், அவனுக்குப் புரிந்திருக்கிறது. சே, என்ன மனுஷன் நான்! அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாண்ணா, டீ ஆறுது" என்றான்.